வந்த பிறகும் வரும் முன்பும்

என் கதை ஒன்றில், வேலை தேடிப் பட்டணத்துக்குப் புறப்படும் மகனிடம் தாய் சொல்கிறாள்: "நாளைக்கு நீ வந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு."

கதை பத்திரிகையில் வெளியானதும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடிதம் எழுதினார். 'நாளை' எதிர்காலம், 'வந்த' இறந்தகாலப் பெயரெச்சம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் எப்படிக் குடித்தனம் செய்யும் என்று கேட்டிருந்தார். நான் பயந்துவிட்டேன். புத்தகம் அச்சானபோது 'நீ வரும் பிறகுதான்' என்று திருத்திவிட்டேன். அதைப் படித்த என் மனைவி, "இந்த அம்மா எந்த ஊர்? நம் பக்கத்தில் யாரும் இப்படிப் பேசமாட்டார்களே!" என்றாள்.

அப்புறந்தான் யோசித்தேன். ரயில், மனிதன், கடிதம் போன்ற பெயர்களுக்கு முன்னால் நாள்காட்டியைப் பார்த்துத்தான் எச்சத்தைப் போட வேண்டும். 'நாளை வந்த ரயில்' என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் 'முன்', 'பிறகு' என்பவை வேறு ஜாதி. அவை நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. செயல் முடிந்ததா, முடியவில்லையா என்பதை மட்டுமே பார்க்கின்றன.

'நேற்று அவன் வரும் முன் நான் புறப்பட்டுவிட்டேன்.' அவன் வந்ததும் நேற்றுத்தான். ஆனாலும் 'வந்த முன்' என்று யாரும் சொல்வதில்லை. நான் புறப்பட்ட நேரத்தில் அவன் வருகை இன்னும் நடக்கவில்லை. அதனால் 'வரும்'. பிறகு என்றால் வருகை முடிந்தாக வேண்டும். அது நாளைக்கே நடக்கட்டும், 'வந்த' என்றுதான் வரும். சந்தேகம் இருந்தால் 'நேற்று' என்பதை எடுத்துவிட்டு 'நாளை' என்று போட்டுப் பாருங்கள். கடைசி வினை 'புறப்பட்டுவிடுவேன்' என்று மாறும். 'வரும் முன்' அசையாது.

தொல்காப்பியர் பெயரெச்சத்துக்குச் 'செய்யும்', 'செய்த' என்ற இரண்டு வாய்பாடுகளே சொன்னார். 'செய்கின்ற' என்பதையும் சேர்த்து மூன்றாக்கியது நன்னூல். முன்னும் பிறகும் இன்றைக்கும் அந்தப் பழைய இரண்டோடு திருப்தியாக இருக்கின்றன. 'வருகிற பிறகு' என்று குழந்தைகூடச் சொல்லாது.

'வரை' இன்னும் வேடிக்கையானது. 'அவன் படிக்கும் வரை விளக்கு எரிந்தது' என்றால் அது நேரத்தின் எல்லை. 'நான் படித்த வரை கதை நன்றாயிருக்கிறது' என்றால் அது அளவு. இங்கே எச்சத்தின் காலம் மாறியதும், பின்னால் நிற்கிற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. கதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம் இது. 'எனக்குத் தெரியும் வரை' என்று எழுதி அனுப்புகிற இளைஞர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த பதிப்பில் தாய்க்கு அவள் பேச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியருக்குப் பதில் எழுதலாமென்று அவர் கடிதத்தைத் தேடி எடுத்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: 'தங்கள் பதில் வந்த பிறகு மற்றப் பிழைகளையும் எழுதுவேன்.'