உறைக்குள் அடங்காத பொங்கல்: ஓர் ஆயத்த வாழ்த்து அட்டை வடிவமைப்பின் மதிப்பீடு

வடிவமைப்புச் செயலிகளில் கிடைக்கும் ஆயத்த வாழ்த்து அட்டை மாதிரிகளுள், பொங்கலுக்கென்று பரவலாக எடுத்தாளப்படும் ஒரு வகை உண்டு. அடர்ந்த அரக்குச் சிவப்புப் பின்னணி, நடுவில் பொங்கற்பானை, வலது ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் கரும்பு, மேலே மாவிலைத் தோரணம், பானைக்கு மேல் பெரிய எழுத்தில் வாழ்த்து என்று அமைந்த அந்த மாதிரி, திரையில் பார்க்கும்போது கண்ணைக் கவருவதில் குறை சொல்ல இடமில்லை. நிறத் தேர்வும் ஓவியத்தின் நேர்த்தியும் பாராட்டுக்குரியவை. ஆயினும் அதைத் திருத்தியும் அச்சிட்டும் மடித்தும் உறையிலிட்டும் பல வாரங்கள் பழகிப் பார்க்கும்போது, அதன் குறைகள் யாவும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பது புலனாகிறது. அட்டை என்பது கையால் திறக்கப்படும் ஒரு பொருள் என்பதை மறந்து, நான்கு தனித்தனிப் படங்களாகவே அது எண்ணப்பட்டிருக்கிறது.

ஒரு தாளை நடுவில் ஒருமுறை மடித்தால் நான்கு பக்கங்கள் கிடைக்கின்றன. முதற்பக்கம் முகப்பு, இரண்டாம் பக்கம் முகப்பின் உட்புறம், அதாவது திறந்தால் இடப்பக்கம் அமைவது, மூன்றாம் பக்கம் வலப்பக்கம், நான்காவது பின்னட்டை. முகப்பை இடப்பக்கமாகத் திருப்பும்போது முதலில் வெளிப்படுவது மூன்றாம் பக்கமே. இரண்டாம் பக்கம் முழுதாகத் தெரிய முகப்பு முற்றிலும் விரிந்தாக வேண்டும். பலர் அட்டையைப் பாதி திறந்த நிலையிலேயே படித்துவிடுவதால், அந்தப் பக்கம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. வாழ்த்துச் செய்தி மூன்றாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்னும் வழக்கத்துக்கு அடிப்படை இதுவே. இந்த மாதிரியும் செய்தியை அங்கேதான் வைத்திருக்கிறது. அந்த மட்டில் அது சரி.

சிக்கல் செய்தியின் உள்ளடக்கத்திலும் அதன் இடத்திலும் இருக்கிறது. முகப்பில் “பொங்கலோ பொங்கல்! இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்” என்று முழு வாழ்த்தும் சொல்லி முடிக்கப்பட்டுவிடுகிறது, பானையிலும் பால் நுரைத்து வழிந்துவிட்டது. உள்ளே திறந்தால் அதே வாழ்த்து சற்றே நீட்டி மீண்டும் வருகிறது. பொங்கும் கணத்துக்காகக் காத்திருப்பதே பொங்கலின் சுவை. அடுப்பைச் சுற்றி நிற்பவர்கள் பால் பொங்கியதும்தான் குரல் எழுப்புகிறார்கள். திறக்கும் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்வு வேறொன்று கிடைப்பது அரிது. முகப்பில் பால் விளிம்பைத் தொடும் பானையும் ஊர்ப்பெயரோ ஆண்டோ மட்டும் நின்று, உள்ளே வலப்பக்கத்தில் நுரை வழியும் பானையும் “பொங்கலோ பொங்கல்” என்னும் குரலும் வந்தால், அட்டையைத் திறப்பதே பானை பொங்குவதாகிவிடும். மாதிரியிலுள்ள ஓவியத்தை இரண்டு நிலைகளாகப் பிரித்தாலே இது கைகூடும். புதிதாக வரைய வேண்டியது பானையின் வாய் மட்டுமே.

முகப்பிலிருந்து உள்ளே செல்லும் ஓட்டத்தில் இந்த மாதிரி எதிர்பாராமல் வெற்றி பெறும் ஓர் இடத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். முகப்பின் வலது ஓரத்திலுள்ள கரும்பு, மூன்றாம் பக்கத்தின் வலது ஓரத்திலும் அதே உயரத்தில், அதே அளவில் நிற்கிறது. மூடிய அட்டையில் இவ்விரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால், முகப்பு விலகும்போது கரும்பு இருந்த இடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றுகிறது. சுற்றியுள்ளவை மாறுகின்றன, கரும்பு மாறுவதில்லை. அழகான எண்ணம் இது. இருபுற அச்சில் முன்பக்கமும் பின்பக்கமும் ஓரிரு மில்லிமீட்டர் விலகுவது இயல்பு என்பதால், கரும்பை ஓரத்தோடு ஒட்டாமல் ஆறேழு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தால் அந்த விலகல் கண்ணுக்குத் தெரியாது.

இனி, இந்த மாதிரியின் தீராத குறைக்கு வரலாம். மூன்றாம் பக்கத்தின் நட்டநடுவில், சுற்றிலும் கோலக் கட்டமிட்டு, செய்தி அச்சாகிறது. மேலும் கீழும் எஞ்சும் இடம் இரண்டு விரற்கடைதான். அனுப்புகிறவர் தம் கைப்பட ஏதேனும் எழுத விரும்பினால், கட்டத்துக்குக் கீழே கையெழுத்தை நெருக்க வேண்டும், அல்லது யாரும் பார்க்காத இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும். அந்தப் பக்கமோ முகப்புப் படத்தின் சிறிய நகலால் நிரப்பப்பட்டிருக்கிறது. 1843-இல் ஹென்றி கோல் இலண்டனில் ஜான் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்து வெளியிட்ட கிறிஸ்துமஸ் அட்டை, வணிக முறையில் விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டையாகக் கருதப்படுகிறது. மடிப்பே இல்லாத ஒற்றை அட்டையாகிய அதில்கூட, பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் எழுதுமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நான்கு பக்கங்கள் உடைய ஒன்றில் அதற்கு இடமில்லாமல் போவது பொறுக்கத்தக்கதன்று. அச்சிட்ட வாசகம் எல்லோருக்கும் பொது. பெறுகிறவர் தேடிப் படிப்பது கையால் எழுதிய நான்கு வரிகளைத்தான்.

இக்குறையைத் தமிழ் எழுத்து மேலும் பெருக்குகிறது. மாதிரியின் எழுத்துப்பெட்டிகள் குறுகிய சொற்களைக் கருதி அளவிடப்பட்டவை. “நல்வாழ்த்துகள்” என்னும் நீண்ட சொல் பெட்டியின் அகலத்தை மீறி, கடைசி இரண்டெழுத்து மட்டும் தனியே அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது. வரிகளுக்கிடையிலான இடைவெளியும் போதாமையால், மேல்வரியின் கீழ்விலங்கும், அதாவது உகர ஊகாரக் குறிகளும், கீழ்வரியின் மேல்விலங்கும், அதாவது இகர ஈகாரக் குறிகளும், ஒன்றோடொன்று உரசுகின்றன. தமிழுக்கு எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு வரியிடைவெளி வைப்பது நலம்.

அளவு பற்றிய பிழை இவற்றைவிட எளிதில் அளந்தறியக் கூடியது. மாதிரி, மடித்த நிலையில் 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் கொண்டது. இது அமெரிக்க வழக்கிலுள்ள அளவு. அதற்குரிய உறை ஐந்தேகால் அங்குலத்துக்கு ஏழேகால் அங்குலம். நம் எழுதுபொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 9-க்கு 4 கவரில் இந்த அட்டை நுழையாது. 11-க்கு 5 கவரில் அட்டையும் கவரும் ஒரே அகலமாக இருப்பதால் அங்கும் நுழையாது. தனியே உறை செய்யச் சொன்னால் அட்டையின் செலவோடு உறையின் செலவும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு மாற்று, ஏ5 தாளை ஒருமுறை மடித்துப் பெறும் ஏ6 அட்டை. அதன் அளவு 105-க்கு 148 மில்லிமீட்டர். அதற்கென்றே வகுக்கப்பட்ட சி6 உறை 114-க்கு 162 மில்லிமீட்டர் என்பதால், அகலத்தில் 9, நீளத்தில் 14 மில்லிமீட்டர் தளர்வு கிடைக்கிறது. உறைக்குள் அட்டை நுழைவதற்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தளர்வே போதும். அது மிகவும் கூடினால் அட்டை உள்ளே ஆடி, முனைகள் மழுங்கும். மடிப்பு ஓரத்தை முதலில் செலுத்தினால் அட்டை எங்கும் சிக்காமல் உள்ளே போகும்.

அச்சுத்தாளிலும் இந்த அளவு மாற்றம் வெளிப்படையாகப் பலன் தருகிறது. டிஜிட்டல் அச்சகங்களில் புழங்கும் 13-க்கு 19 அங்குலத் தாளில், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாதிருக்கப் படத்தை எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் நீட்டிவிடும் ‘ப்ளீட்’ சேர்த்துக் கணக்கிட்டால், மாதிரியின் விரித்த அட்டைகள் இரண்டுதான் அமைகின்றன. ஏ6 அட்டையானால் நான்கு அமைகின்றன. ஆனால் இங்கே ஒரு விலையும் உண்டு. தாளின் நார் எந்தத் திசையில் படிந்திருக்கிறதோ அதற்கு இணையாக மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக விழும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். நீளவாட்டில் நார் ஓடும் தாளில் பெரிய அட்டையின் மடிப்பு நாருக்கு இணையாக விழுகிறது, நான்கு சிறிய அட்டைகளின் மடிப்போ குறுக்கே விழுகிறது. மாதிரியின் அரக்குப் பின்னணி மடிப்பைத் தாண்டிப் பின்னட்டை வரை பரவியிருப்பதால், அங்கே மைப்படலம் உடைந்து வெள்ளைக் கீறல் தெரியும். ஆகவே மடிப்பதற்கு முன் கிரீசிங் செய்வது, அதாவது மடிப்பு வரும் இடத்தில் அழுத்தித் தடம் பதிப்பது, 300 ஜிஎஸ்எம் அட்டையில் தவிர்க்க முடியாதது. மடிப்பின் இருபுறமும் வெளிர் நிறப் பட்டை விடுவது அதைவிடப் பாதுகாப்பானது.

சிறிய அட்டையில் செய்திக்கும் கையெழுத்துக்கும் இடம் போதுமா என்னும் ஐயம் எழலாம். கணக்கிட்டால் போதும் என்றே தெரிகிறது. மூன்றாம் பக்கத்தின் உயரம் 148 மில்லிமீட்டர். மேலிருந்து 25 மில்லிமீட்டர் விட்டு, 13 புள்ளி எழுத்தில் 20 புள்ளி வரியிடைவெளியுடன் நான்கு வரிகள் அச்சிட்டால், அவை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் கொள்கின்றன. அடியில் 10 மில்லிமீட்டர் ஓரம் விட்ட பின்னும் 85 மில்லிமீட்டர் எஞ்சுகிறது. வரிக்கு 8 மில்லிமீட்டர் வீதம் கையால் பத்து வரி எழுதலாம். பெரிய மாதிரியில் கிடைக்காத இடம் சிறிய அட்டையில் கிடைப்பதற்கு, கோலக் கட்டத்தை நீக்கிச் செய்தியை மேலேற்றியதே காரணம். நுரைவழியும் பானையை, கைவரிகளை மறைக்காத மெல்லிய கோட்டோவியமாக இரண்டாம் பக்கத்தின் மடிப்போரத்திலிருந்து மூன்றாம் பக்கத் தலைப்பகுதிக்கு ஏறவிடலாம். லாமினேஷனை வெளிப்புறத்துக்கு மட்டும் இட வேண்டும். உட்புறமும் பளபளத்தால் பேனா மை ஒட்டாமல் இழுபடும்.

மாதிரியின் செயலி நான்கு பக்கங்களையும் தனித்தனியே காட்டுவதால், அச்சுக்கு அனுப்புமுன் பின்னட்டையை இடப்பக்கமும் முகப்பை வலப்பக்கமும் வைத்து ஒரு தாளாகவும், இரண்டையும் மூன்றையும் சேர்த்து மற்றொரு தாளாகவும் அமைக்க வேண்டும். வீட்டு அச்சுப்பொறியில் சாதாரணத் தாளில் சோதனை எடுப்பவர்கள் Flip on short edge என்பதைத் தேர்ந்தால்தான் உட்பக்கம் தலைகீழாகாமல் வரும். Actual size என்பதையும் தேர்ந்தாக வேண்டும். Fit என்று விட்டால் அட்டையின் அளவு மாறி, அது உறைக்குள் நுழையுமா என்பதைச் சோதனைத் தாள் தவறாகக் காட்டும். அந்தச் சோதனைத் தாளை மடித்து, உறையிலிட்டு, வெளியே எடுத்து, அதன் மூன்றாம் பக்கத்தில் பேனாவால் உண்மையாகவே ஒரு கடிதம் எழுதிப் பார்த்த பிறகே அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புவது தக்கது.