கால் நடுங்குவது எடையாலா, தடுமாற்றத்தாலா?

அறுபது எழுபது கிலோ பார்பெல்லைத் தோளில் ஏற்றி அலட்டிக்கொள்ளாமல் ஸ்குவாட் செய்கிறவர்களை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம். அவர்களையே பின்காலைப் பெஞ்சின்மேல் வைத்து, கைக்கு ஒன்றாகப் பத்து கிலோ டம்பெல் பிடித்து உட்கார்ந்து எழச் சொன்னால், எட்டாவது முறைக்குள் முன்கால் நடுங்கத் தொடங்கிவிடும். பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் எனப்படும் இந்தப் பயிற்சிக்குப் பயிற்சியாளர்கள் வழக்கமாகத் தரும் விளக்கம் ஒன்றுதான்: உடலை நிலைநிறுத்தும் தசைகள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன, அதனால்தான் இவ்வளவு கஷ்டம். இது பாதி உண்மை. கஷ்டத்தின் பெரும்பங்கு எடையிலிருந்து வருகிறது. தடுமாற்றத்திலிருந்து வரும் பங்கு, பழகப் பழகக் குறைந்துவிடுவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பயிற்சிக்குத் தகுதியில்லாத புகழும் வருகிறது, தகுதியில்லாத வசவும் வருகிறது.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். ஒருவரின் உடல் எடை 70 கிலோ, கையில் இரண்டு 10 கிலோ டம்பெல்கள் என்றால் தரை தாங்குவது மொத்தம் 90 கிலோ. இந்த நிலையில் பாதங்களின் அடியில் விசையை அளந்தால், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு முன்பாதத்தில் விழுகிறது; மீதி பெஞ்சுக்குப் போகிறது. அதாவது முன்காலுக்கு 72 கிலோ. இதே 72 கிலோ ஒவ்வொரு காலிலும் இறங்க வேண்டுமானால், இரண்டு கால் ஸ்குவாட்டில் மொத்தம் 144 கிலோ வேண்டும். உடல் எடையைக் கழித்தால் தோளில் 74 கிலோ. கையில் இருப்பது வெறும் 20 கிலோதானே என்று நினைக்கிறோம். காலுக்கு அது 74 கிலோ பார்பெல். நடுங்காமல் என்ன செய்யும்?

இந்தக் கணக்கு பாதத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதத்தில் விழும் சுமை முழங்காலுக்கும் இடுப்புக்கும் எப்படிப் பங்காகிறது என்பதை எட்டின் நீளமும் உடலின் சாய்வும் முடிவு செய்கின்றன. முன்பாதம் பெஞ்சுக்கு அருகே இருந்து உடல் நிமிர்ந்திருந்தால் முன்தொடைக்கு வேலை கூடும். எட்டைத் தள்ளிவைத்து உடலைச் சற்று முன்னே சாய்த்தால் பிட்டத் தசைக்குப் போகும். இதுபோக, கஷ்டத்தைக் கூட்டிக் காட்டும் வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒரு காலை முடித்துவிட்டு அடுத்த காலுக்குப் போகும்போது மூச்சு ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும். பின்காலின் முன்தொடைத் தசையோ இடுப்பு, முழங்கால் என இரு முனையிலும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. பின்காலின் முன்தொடையில் தெரியும் அந்த எரிச்சலை வலிமைக்கான வேலை என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது இழுபடும் வலிதான்.

இனி, நிலைநிறுத்தும் தசைகள். இவற்றில் முக்கியமானது இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ். இரண்டு காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு இரு தூண்களின்மேல் வைத்த உத்தரம். பக்கவாட்டுத் தசைக்கு அங்கே அதிக வேலை இல்லை. ஒரு காலைத் தூக்கியதும், தாங்கலில்லாத பக்கம் கீழே சரியப் பார்க்கிறது. அதைச் சரியாமல் இழுத்துப் பிடிப்பது நிற்கும் காலின் குளூட்டியஸ் மீடியஸ். உடலின் பாரம் இடுப்பு மூட்டிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. உள்ளே தள்ளி விழுகிறது. தசை இழுப்பதோ மூட்டிலிருந்து 5 செ.மீ. தொலைவில்தான். நெம்புகோலின் குட்டைக் கை தசையின் பக்கம் இருப்பதால், தாங்கும் பாரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விசையை அது தர வேண்டியிருக்கிறது. இந்தத் தசை தளர்ந்தவர் ஒற்றைக்காலில் நின்றால் எதிர்ப்பக்க இடுப்பு தொங்கிவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பெர்க் 1895இல் விவரித்த இந்த அறிகுறியை எலும்பு மருத்துவர்கள் இன்றும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஸ்பிளிட் ஸ்குவாட்டில் பின்கால் அந்தரத்தில் இல்லை. ஐந்தில் ஒரு பங்கைத் தாங்குவதோடு, உடல் பக்கவாட்டில் கவிழாமல் முட்டுக்கொடுக்கவும் செய்கிறது. ஆகவே இடுப்புத் தசைக்கு இங்கே கிடைக்கும் வேலை, முழுக்க ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவதற்கும் இரண்டு கால் ஸ்குவாட்டுக்கும் இடைப்பட்டது. மெக்கர்டியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் விளையாட்டு வீராங்கனைகளிடம் தசைகளின் மின் செயல்பாட்டை அளந்தார்கள். பின்காலை உயர்த்திச் செய்தபோது குளூட்டியஸ் மீடியஸும் பின்தொடைத் தசைகளும் கூடுதலாக இயங்கின. முன்தொடைத் தசைகளோ இரண்டு கால் ஸ்குவாட்டில்தான் அதிகம் இயங்கின. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது ஜிம் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது.

அந்த இரண்டாவது பாதிக்கு ஒரு காரணம் சொல்ல முடியும். நிலை தடுமாறும்போது மூட்டின் இருபுறத் தசைகளும் சேர்ந்து இறுகி மூட்டை விறைப்பாக்குகின்றன. ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் இந்த இறுக்கம் சக்தியைச் செலவழிக்கிறது, எடையைத் தூக்குவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது அதிகம். சில வாரங்கள் பழகியதும் நரம்பு மண்டலம் தேவையான இறுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது. அந்த முதல் வாரங்களில் எண்ணிக்கை மளமளவென்று ஏறுவதன் பின்னணியில் தசை வளர்ச்சியைவிடக் கற்றலுக்கே பங்கு அதிகம்.

உங்கள் கஷ்டம் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு டம்பெல்லை மட்டும் பிடித்து, மறுகையைச் சுவரில் ஊன்றாமல் ஒரு சுற்று, லேசாக ஊன்றி ஒரு சுற்று, முடிந்தவரை செய்யுங்கள். நடுவே நன்றாக ஓய்வெடுங்கள். சுவரில்லாமல் எட்டு, சுவரோடு பதினான்கு என்று வந்தால் உங்களைத் தடுத்தது தடுமாற்றம். முன்தொடை இன்னும் களைக்கவே இல்லை. எட்டும் ஒன்பதும் வந்தால் கால் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. தடுமாற்றம்தான் சிக்கல் என்றால் முதலில் பாதங்களைப் பாருங்கள். பலர் இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்து, தாங்கும் பரப்பைத் தாங்களே குறுக்கிக்கொள்கிறார்கள். இடுப்பகலம் விட்டு வைத்தாலே பாதி ஆட்டம் நின்றுவிடும். பெஞ்ச் முழங்காலைவிட உயரமாக இருந்தால் இடுப்பு முன்னே சரிந்து கீழ்முதுகு வளையும். அதைவிடத் தாழ்ந்த பலகையே நல்லது. முழங்கால் உள்ளே மடிந்தாலோ இடுப்பு ஒரு பக்கம் திரும்பினாலோ எடையைக் குறைக்க வேண்டும். பின்கால் விரல்கள் பெஞ்சை அழுத்தித் தள்ளுகின்றன என்றால் முன்கால் செய்ய வேண்டியதைப் பின்கால் திருடுகிறது.

அப்படியானால் பார்பெல் ஸ்குவாட்டை விட்டுவிடலாமா? அமெரிக்கப் பயிற்சியாளர் மைக் பாயில் பல ஆண்டுகளாக அப்படித்தான் வாதிடுகிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது: மேலே பார்த்த கணக்கில் காலுக்கு அதே பாரம் கிடைக்க, முதுகெலும்பின்மேல் ஏறும் புறச்சுமை 74 கிலோவிலிருந்து 20 கிலோவாகக் குறைகிறது. 2016இல் இளம் ரக்பி வீரர்களிடம் ஐந்து வாரம் நடந்த ஆய்வில், இரு முறைகளும் வலிமையையும் ஓட்ட வேகத்தையும் ஒத்த அளவில்தான் உயர்த்தின. இருந்தாலும் முழு மாற்று என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நேரம் இரட்டிப்பாகிறது. டம்பெல் கனமாகும்போது கால் களைப்பதற்கு முன்பே கைப்பிடி தளர்ந்துவிடுகிறது. பளுதூக்கும் போட்டிக்குத் தயாராகிறவர் இரண்டு காலில் பெரும் எடையைத் தாங்கிப் பழகாமல் முடியாது. முதுகைக் காப்பாற்றிக்கொண்டு காலை வலுவாக்க நினைப்பவருக்கும், ஒரு கால் மற்றதைவிடத் தளர்ந்திருப்பவருக்கும் இது முதல் தேர்வாக இருக்கலாம். அவர்களும் எடையைக் கூட்டும் நாட்களில் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.