தெளிந்த வட்டங்கள் எதை எண்ணுகின்றன?

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருப் பகுதியின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூருக்கு அருகே கொடியாளத்தில் தமிழகத்துக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் ஆற்றின் கேடு செய்தியாகிறது. ஆனால் நுரை சலவைப் பொருள்களைக் காட்டிக்கொடுக்குமே தவிர, நீரில் மலக்கழிவு எவ்வளவு என்று சொல்லாது. அதைச் சொல்லவல்ல சோதனைகளில் ஒன்று, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரஸ்களை எண்ணுவது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-உம் எம்.எஸ்.2 என்ற பேஜ் ஒரு லிட்டர் நீரில் இருக்கக் கூடாது என்கிறது. இந்த எண்ணிக்கை நம்பத்தக்கதுதான். ஆனால் அது நீரின் தனிப்பண்பு அல்ல. பேஜும் அதற்குப் பலியாகும் பாக்டீரியாவும் சந்தித்ததன் விளைவு. இதை மறந்தால் நல்ல சோதனையும் தவறான சான்றாகிவிடும்.

செய்முறை எளிது. சுமார் 45 டிகிரியில் உருகிய நிலையில் வைத்த மென்மையான அகாரில், வேகமாகப் பெருகும் பருவத்து ஈ.கோலையையும் நீர் மாதிரியையும் கலந்து, கெட்டி அகார் உள்ள பெட்ரி தட்டின் மேல் ஊற்றுகிறார்கள். 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் பாக்டீரியா தட்டு முழுவதும் மங்கலான படலமாக வளரும். எங்கே ஒரு பேஜ் சிக்கியதோ அங்கே அது ஒரு செல்லுக்குள் பெருகி, அதை உடைத்து, அக்கம்பக்கத்துச் செல்களையும் அழிக்க, தெளிந்த வட்டம் தோன்றும். மென்மையான அகார் பேஜை வெகுதூரம் பரவவிடாததால் வட்டங்கள் எளிதில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கெலவரப்பள்ளி நீரை 10 மடங்கு நீர்க்கச் செய்து, தட்டுக்கு 0.1 மில்லிலிட்டர் வீதம் மூன்று தட்டுகளில் இட்டதில் 42, 51, 45 வட்டங்கள் வந்தன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சராசரி 46, எனவே ஒரு மில்லிலிட்டரில் 4,600. மொத்தம் எண்ணியது 138 என்பதால், தற்செயலால் மட்டுமே ஏறத்தாழ 8 அல்லது 9 விழுக்காடு ஏறி இறங்கலாம். வட்டங்கள் 30-க்குக் கீழே போனால் இந்த ஊசலாட்டம் பெரிதாகும். 300-ஐத் தாண்டினால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து எண்ணவே முடியாது.

ஒரு வட்டம் ஒரு பேஜிலிருந்துதான் தொடங்கியது என்பதற்கு ஆதாரம் நீர்த்தலிலேயே இருக்கிறது. பத்து மடங்கு நீர்த்தால் வட்டங்கள் பத்தில் ஒன்றாகக் குறைகின்றன. ஒரு வட்டம் உருவாக இரண்டு பேஜ்கள் சேர்ந்து தாக்க வேண்டியிருந்தால் அவை நூறில் ஒன்றாகக் குறைந்திருக்கும். இந்த நேர்விகிதம் தொழிற்பேட்டைகள் சூழ்ந்த ஓர் ஆற்றில் இன்னொரு வகையிலும் உதவுகிறது. மாதிரியில் உலோகக் கழிவோ வேறு நச்சோ இருந்தால் ஈ.கோலையே சரியாக வளராது. படலம் மெலிந்து வட்டங்கள் மறையும். அப்போது நீர்க்காத தட்டைவிட, நீர்த்த தட்டைக் கொண்டு கணக்கிட்ட எண் பெரிதாக வரும். அப்படி வந்தால் நச்சைச் சந்தேகிக்க வேண்டும். இனி, கழிவுநீரிலுள்ள சில பாக்டீரியாக்கள் தம் இனத்தையே கொல்லும் கொலிசின் என்ற புரதத்தைச் சுரந்தும் தெளிந்த வட்டம் உண்டாக்கும். ஐயம் வந்தால் வட்டத்தின் நடுவிலிருந்து சிறிது எடுத்து, வடிகட்டி, நீர்த்து, புதிய படலத்தில் இட வேண்டும். பேஜ் என்றால் மீண்டும் தனித்தனி வட்டங்கள் எழும். கொலிசின் பெருகாது என்பதால் நீர்க்க நீர்க்க மங்கிப்போகும்.

இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் எண் குறைவாகவே வரும் என்பது பெரிய ஆட்சேபம். அது உண்மையே. தேர்ந்த ஈ.கோலை வகையைத் தாக்காத பேஜ்கள் கணக்கில் வருவதில்லை. வண்டல் துகளில் கொத்தாக ஒட்டிய இருபது பேஜ்கள் ஒரே வட்டமாகத் தெரியும். மின்னணு நுண்ணோக்கியோ பி.சி.ஆர். சோதனையோ பெரும்பாலும் இதைவிடப் பெரிய எண்ணைத் தரும், பி.சி.ஆர். சில மணி நேரத்தில் முடிந்தும்விடும். ஆனால் பி.சி.ஆர். எண்ணுவது மரபணுத் துண்டை. குளோரினால் செயலிழந்த பேஜின் துண்டும் அதில் சேரும். சுத்திகரிப்பு பலித்ததா என்று கேட்பவருக்கு, இன்னும் தாக்கும் திறனுள்ளவை எத்தனை என்பதே தேவை. அந்தக் கேள்விக்குத் தட்டுதான் நேரடியாகப் பதில் சொல்கிறது.

ஆற்றில் சேர்ந்த கழிவு எந்த மாநிலத்துடையது என்ற தகராறில் இந்த எண்ணை வீசுவோருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பேஜ் எந்த மாநிலத்திலிருந்து வந்தது என்று வட்டம் சொல்லாது. கொடியாளத்தில் எடுத்த நீரையும் ஓசூருக்குக் கீழே எடுத்த நீரையும் ஒரே நாளில், ஒரே ஈ.கோலை வகையில், ஒரே வெப்பத்தில் சோதித்தால் மட்டுமே, உள்ளே வந்தது எவ்வளவு, இங்கே சேர்ந்தது எவ்வளவு என்று பேச இடமுண்டு. அணையில் வெயிலும் வண்டலும் பேஜ்களைக் குறைப்பதால், கீழே எண் இறங்குவதும் இங்கே கழிவு சேரவில்லை என்பதற்குச் சான்றாகாது. எனவே அறிக்கையில் எண்ணோடு, எந்த பாக்டீரியாவின் மேல் எண்ணப்பட்டது, எந்த நீர்ப்பில் எத்தனை வட்டங்கள் தெரிந்தன என்பவையும் அச்சாக வேண்டும். அவை இல்லாத எண்ணை யாரும் சரிபார்க்க முடியாது. ஆகவே வாதத்துக்கும் அது உதவாது.