கையொப்பமிட்டவர் மாடியேறினாரா?

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றை வாங்கக் கடன் கேட்டால், வங்கி மதிப்பீட்டு அறிக்கை கேட்கும். மலேசியாவில் அதில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. நில அளவையாளருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல், சொத்து மதிப்பீட்டாளருக்கு 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டம் இருக்கிறது. மதிப்பீட்டாளர் வாரியம் ஏற்ற பட்டம் பெற்றவர், முதலில் பயிற்சிநிலை மதிப்பீட்டாளராகப் பதிவு செய்கிறார். பிறகு பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, தொழில்திறன் தேர்வில் தேறினால்தான் அறிக்கையில் கையொப்பமிடும் உரிமை கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டின் வலிமை, பொறுப்பு ஒரு தனிமனிதர் பெயரில் நிற்பதுதான். நிறுவனம் எவ்வளவு பெரியதானாலும் அறிக்கையின் அடியில் ஓர் ஆளின் பெயரும் பதிவெண்ணும் இருக்கும். தவறினால் வாரியம் அவரையே கூப்பிட்டு விசாரிக்கும். ஆனால் சட்டம் கையொப்பத்துக்குக் காட்டும் கவனத்தை, அதற்கு முன் நடக்கும் நேரடிச் சோதனைக்கு நடைமுறை காட்டுவதில்லை. வீட்டைப் பார்த்து வருபவர் பெரும்பாலும் பயிற்சியாளர். கையொப்பமிடுபவர் அலுவலகத்தில் இருப்பவர்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் 1,400 சதுர அடி நிலத்தில் இரண்டு மாடிக் கடைவீடு. அதே தெருவில் அதே அளவுள்ள, நன்றாகப் புதுப்பித்த வீடு அண்மையில் 14 லட்சம் வெள்ளிக்குக் கைமாறியிருக்கிறது. சதுர அடிக்கு 1,000 வெள்ளி. நம் வீடு புதுப்பிக்கப்படாதது. நிலைமைக்காக 10 விழுக்காடு கழித்தால் மதிப்பு 12,60,000 வெள்ளி. 20 விழுக்காடு கழித்தால் 11,20,000. இடைவெளி 1,40,000 வெள்ளி. அந்தப் பத்து விழுக்காட்டை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது. கூரை மரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா, சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசியதால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பிக் கிடக்கிறதா, பின்புறம் அனுமதியில்லாமல் இழுத்துக் கட்டியிருக்கிறார்களா, நிலப்பரப்பில் எவ்வளவு அஞ்சடி நடைபாதைக்குப் போகிறது என்பதையெல்லாம் போய்ப் பார்த்தவர்தான் அறிவார். அவர் மாடியேறாமல் வாசலில் நின்று நாலு படம் பிடித்து வந்திருந்தால், கையொப்பமிடுபவர் எத்தனை அனுபவசாலியானாலும் ஊகத்துக்குத்தான் பெயர் கொடுக்கிறார்.

இங்கே ஒப்பீட்டு விற்பனைகளும் குறைவு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலமும் முடிந்து, 2000 தொடக்கத்திலிருந்துதான் இந்த வீடுகள் சந்தை வாடகைக்கு வந்தன. 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரம் விலையை ஏற்றியது. அதனுடன் வந்த விதிகள் இடித்து உயரமாகக் கட்டுவதைத் தடுத்தன. ஒரே தெருவில் ஒரு வீடு சிறுவிடுதியாகவும், அடுத்தது பழைய குடித்தனக்காரரோடும், மூன்றாவது பூட்டியும் கிடக்கும். இவற்றை ஒப்பிட, பார்த்தவரின் குறிப்புகளைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

எனக்கு அதிகம் கவலை தருவது ‘வாய்வழி மதிப்பு’. அறிக்கை கேட்பதற்கு முன்பே, வங்கி அதிகாரியோ முகவரோ சில மதிப்பீட்டாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, “எவ்வளவு வரும்?” என்று விசாரிப்பது வழக்கம். பேசிய விலைக்கு அருகில் சொன்னவருக்கே வேலை போகும். வீட்டைப் பார்க்காமல் சொன்ன எண், பார்த்த பிறகு எழுதும் எண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. கட்டணமும் மதிப்பின் அளவையொட்டியே அமைவதால், குறைத்து எழுத யாருக்கும் ஊக்கமில்லை.

“கட்டமைப்பைச் சோதிக்கவில்லை” என்ற பொறுப்புத்துறப்பு வரி காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். 1989இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஸ்மித் எதிர் புஷ் வழக்கை அவர்கள் படிக்க வேண்டும். கீழ்த்தளங்களில் புகைபோக்கியின் அடிப்பகுதி அகற்றப்பட்டிருந்ததைப் பார்த்த மதிப்பீட்டாளர், மேலே எஞ்சிய பகுதிக்குத் தாங்கல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அது பிறகு இடிந்து கூரையைத் துளைத்து விழுந்தது. அறிக்கை கடன் நிறுவனத்துக்காக எழுதப்பட்டிருந்தும், வீடு வாங்கியவருக்கும் அவர் கடமைப்பட்டவர் என்றது சபை. பொறுப்புத்துறப்பு வரியை அந்நாட்டு 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்கவில்லை. மலேசிய நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் பினாங்கின் பொதுச்சுவர்களிலும் உத்திரங்களிலும் இதே வகைத் தவறு காத்திருக்கிறது.

ஆகவே பதிவை இன்னும் கடினமாக்குவதைவிட, சோதனையைக் கண்ணுக்குத் தெரியவைப்பது மேல். வீட்டை யார், எந்த நாளில், எவ்வளவு நேரம் பார்த்தார், எந்த அறைக்குள் போக முடியவில்லை, அதற்காக எவ்வளவு கழித்தார் என்ற விவரங்கள் கையொப்பத்துக்கு நேர்மேலே வர வேண்டும். தொலைபேசியில் முன்பே எண் சொல்லியிருந்தால் அதையும் அங்கேயே எழுத வேண்டும். தொழில்திறன் தேர்விலும் பயிற்சியாளரிடம் ஒரு பழைய கடைவீட்டின் கள நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பத்து விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.