வாசல் எண்ணிக்கையும் ஷிப்ட் அட்டவணையும்: ஒரு வாராந்திர ரிப்போர்ட்டைப் படித்தல்

ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் நடுத்தர ஜவுளிக்கடையின் வாராந்திர ரிப்போர்ட் ஒன்று கைக்கு வந்தது. கடை முதலாளி தெரிந்தவர். "இதைப் பார்த்து ஆள் குறைக்கச் சொல்றாங்க, சரியா இருக்கான்னு பாருங்க" என்று அனுப்பியிருந்தார். பெயர்களை நீக்கி, எண்களைக் கணக்குப் போட வசதியாக முழு எண்களாக்கி, அந்த ரிப்போர்ட்டைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இதே அமைப்பில் வரும் ரிப்போர்ட்டுகள் நிறைய கடைகளில் சுற்றுவதால் மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் அமைப்பு. கடை காலை 10 மணிக்குத் திறந்து இரவு 9:30க்கு மூடுகிறது. வாசலுக்கு மேலே ஒரு சென்சார். கீழே போகிற தலைகளை எண்ணும். உள்ளே போனாரா, வெளியே வந்தாரா என்பதையும் பிரித்துச் சொல்லும். விற்பனைப் பணியாளர்கள் 20 பேர். பத்துப் பேருக்கு 10 மணி முதல் 7 மணி வரை, மீதிப் பத்துப் பேருக்கு 12:30 முதல் 9:30 வரை. ஆக, மதியம் 12:30 முதல் 7 வரை பட்டியலில் 20 பேரும் இருப்பார்கள், அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பேர்.

ரிப்போர்ட் செய்வது ஒரே ஒரு வகுத்தல். ஒரு மணி நேரத்தில் உள்ளே வந்தவர்கள் எண்ணிக்கையை, அந்த மணி நேரப் பட்டியலில் உள்ள பணியாளர் எண்ணிக்கையால் வகுக்கிறது. விடை 2க்குக் கீழே போனால் கட்டம் மஞ்சள், அதாவது 'ஆள் அதிகம்'. 4க்கு மேல் போனால் சிவப்பு, 'ஆள் போதாது'. இதை வைத்துக் கடைசிப் பக்கத்தில் இரண்டு பரிந்துரைகள். ஒன்று, காலை ஷிப்டில் ஆறு பேருக்கு வேலை நேரத்தை உடைத்து 10 முதல் 2, பிறகு 4 முதல் 8 என்று மாற்றுங்கள். இரண்டு, மாலை ஷிப்டில் மூன்று பேரை 8 மணிக்கே அனுப்பிவிடுங்கள்.

அந்த ஆறு பேரும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்கள். நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் வர முடியாது, அந்த நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது. 7 மணிக்குக் கிளம்பியவர்கள் இனி 8 மணிக்குக் கிளம்புவார்கள். ஆகவே அந்த வகுத்தல் சரியா என்று பார்ப்பது அவசியமாகிறது.

ரிப்போர்ட்டின் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாள் மொத்தத்தோடு நிற்காமல் மணிக்கணக்கில் பிரித்திருக்கிறார்கள். ஏழு நாளையும் சராசரியாகக் குழைக்காமல் சனிக்குத் தனிப் பக்கம், ஞாயிறுக்குத் தனிப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். நான் கீழே செய்யும் சோதனைகள் எல்லாம் அதனால்தான் சாத்தியமாயின.

டீக்குப் போனவர்களும் வாடிக்கையாளர்கள்தான்

சென்சாருக்குத் தலை தெரியும், முகம் தெரியாது. பணியாளர் ஒருவர் டீ குடிக்க வெளியே போய்த் திரும்பினால் ஒரு 'வெளியே', ஒரு 'உள்ளே' பதிவாகும். ரிப்போர்ட்டில் அது ஒரு வாடிக்கையாளர்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடை திறப்பதற்கு முந்தைய மணி நேரத்தைப் பாருங்கள். ரிப்போர்ட் 10 மணியிலிருந்துதான் தொடங்குகிறது, ஆனால் சென்சாரின் மூல எக்செல் கோப்பில் 9 முதல் 10 வரைக்கும் ஒரு வரி இருக்கிறது. தினமும் அதில் 11 பேர். பத்துப் பணியாளர்கள், ஒரு வாட்ச்மேன். அதே மாதிரி 12 முதல் 1 வரையிலான மணியில் தினமும் பத்துப் பேர் அளவுக்கு ஒரு சின்ன மேடு. மாலை ஷிப்ட் உள்ளே வருகிற நேரம் அது.

பெரிய சேதம் 4 மணிக்கு நடக்கிறது. இந்தக் கடையில் மதியச் சாப்பாடு மாடியிலேயே முடிந்துவிடும், அதனால் 2 முதல் 3 வரை பணியாளர்கள் வாசலைத் தாண்டுவதில்லை. 4 முதல் 5 வரைதான் டீ. இரண்டு மூன்று பேராக எதிர்க்கடைக்குப் போய் வருவார்கள். ஒரு வார நாளில் 2 முதல் 3 வரை சென்சார் காட்டியது 12. 4 முதல் 5 வரை காட்டியது 38. மும்மடங்கு! 'மதியம் போ, நாலு மணிக்கு வா' என்ற பரிந்துரை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. 38இல் 20 பேர் டீ குடித்துத் திரும்பியவர்கள். மீதி 18. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் வித்தியாசம் உண்டுதான், ஆனால் அதை வைத்து ஆறு பேரின் நாளை இரண்டாக உடைக்க முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. பரிந்துரையை அமல்படுத்தினால் அந்த ஆறு பேரும் 2 மணிக்கு வெளியே போய் 4 மணிக்கு உள்ளே வருவார்கள். சென்சார் அந்த ஆறையும் எண்ணும். அடுத்த வார ரிப்போர்ட்டில் 4 மணிக் கட்டம் இன்னும் உயரும். 'பார்த்தீங்களா, நாங்க சொன்னது சரிதான்' என்று அது தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும்.

வந்த நேரம் வேறு, வேலை நடக்கும் நேரம் வேறு

இது முதல் தவறைவிட ஆழமானது. சென்சார் துல்லியமாக எண்ணினாலும், பணியாளர்களைக் கழித்துவிட்டாலும்கூட இது மிஞ்சும்.

ஒரு குடும்பம் 7:40க்கு உள்ளே வருகிறது. புடவை எடுத்து, பிளவுஸ் பிட் பார்த்து, பையனுக்குச் சட்டை எடுத்து, பில் போட்டு வெளியே வர 8:40 ஆகிறது. ரிப்போர்ட்டைப் பொறுத்தவரை அவர்கள் 7 முதல் 8 வரையிலான கட்டத்தைச் சேர்ந்தவர்கள். 8 மணிக்கு மேல் அவர்களுக்கு யாருமே தேவையில்லை! வாசலில் ஒரு டிக்கெட்டைக் கிழித்ததும் வேலை முடிந்துவிடும் இடத்துக்கு இந்தக் கணக்கு சரி. புடவைக் கடைக்கு வேண்டியது, அந்த நேரத்தில் கடைக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது.

இதற்கு வரிசைக் கோட்பாட்டில் ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தது: `L = λW`. சராசரியாக உள்ளே இருப்பவர்கள் = வரும் வேகம் × ஒருவர் தங்கும் நேரம். மணிக்கு 60 பேர் வந்து ஆளுக்கு 50 நிமிடம் தங்கினால், எந்த நேரமும் சுமார் 50 பேர் உள்ளே இருப்பார்கள். அதே 60 பேர் 10 நிமிடத்தில் கிளம்பும் கடையில் உள்ளே இருப்பது 10 பேர்தான். வாசல் எண்ணிக்கை ஒன்றேதான், வேலையோ ஐந்து மடங்கு. இது நீண்ட நேரச் சராசரிக்கான சூத்திரம். கூட்டம் ஏறி இறங்கும் ஒரு மாலைக்கு நேரடியாகக் கூட்டிக் கழிப்பதே நல்லது:

```
inside[t] = inside[t-1] + in[t] - out[t]
```

அந்தச் சனிக்கிழமையை இப்படிப் போட்டுப் பார்த்தேன். பணியாளர் போக்குவரத்தைக் கழித்த பிறகு, 5 மணிக்குக் கடைக்குள் 20 வாடிக்கையாளர்கள்.

| மணி | வந்தவர் | போனவர் | முடிவில் உள்ளே | சராசரி உள்ளே | பணியாளர் |
|---|---|---|---|---|---|
| 5–6 | 40 | 25 | 35 | 28 | 20 |
| 6–7 | 60 | 40 | 55 | 45 | 20 |
| 7–8 | 50 | 50 | 55 | 55 | 10 |
| 8–9 | 15 | 50 | 20 | 38 | 10 |

கடைசி வரியைப் பாருங்கள். ரிப்போர்ட்டின் கணக்குப்படி 8 முதல் 9 வரை 15ஐ 10ஆல் வகுத்தால் 1.5. மஞ்சள் கட்டம், ஆள் அதிகம், மூன்று பேரை அனுப்பு. ஆனால் 8 மணி அடிக்கும்போது கடைக்குள் 55 பேர் நிற்கிறார்கள். அந்த மணி முழுக்கச் சராசரியாக 38 பேர். ஒரு பணியாளருக்கு ஏறக்குறைய 4 பேர். மூன்று பேரை அனுப்பிவிட்டால் 5க்கு மேல் போய்விடும். எதிர்ப்பக்கம், 5 முதல் 6 வரை ரிப்போர்ட் 2 என்கிறது, அதாவது 8 மணியைவிடப் பரபரப்பு. உள்ளே நிற்பவர்களை வைத்துப் பார்த்தால் அது 1.4தான். வரிசையே தலைகீழ்.

எரிச்சல் என்னவென்றால், இதற்குத் தேவையான 'வெளியே' எண்ணிக்கை சென்சார் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. ரிப்போர்ட் அந்தப் பத்தியைத் தொடவே இல்லை.

ஒரு எச்சரிக்கை: கூட்டிக் கழித்தால் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் முழுக்க உள்ளே 342, வெளியே 331 என்று வந்தது. பதினோரு பேர் கடைக்குள் தூங்கப் போவதில்லை. நெருக்கமாக வெளியேறும்போது சென்சார் சிலரைத் தவறவிடுகிறது. 'வெளியே' எண்களை 342/331 ஆல் பெருக்கி, மூடும் நேரத்தில் பூஜ்யம் வருமாறு சரிசெய்தால் போதும். இரண்டு மொத்தங்களுக்கும் நடுவே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் கணக்கை விட்டுவிட்டு முதலில் சென்சாரைப் பாருங்கள்.

பட்டியலில் 20, தளத்தில் எத்தனை?

வகுத்தலின் கீழ்ப்பக்கமும் சரியில்லை. 2 முதல் 3 வரை 12 வாடிக்கையாளருக்கு 20 பணியாளர் என்கிறது ரிப்போர்ட். அந்த நேரத்தில் ஆறு ஏழு பேர் மாடியில் சாப்பிடுகிறார்கள். நான்கு பேர் வந்திறங்கிய பேல் பிரித்து விலைச்சீட்டு ஒட்டுகிறார்கள். காலையில் விரித்துக் காட்டிய புடவைகளை மடித்து அடுக்கும் வேலையும் அப்போதுதான். வாடிக்கையாளர் முன்னால் நிற்பது ஏழெட்டுப் பேர். ஷிப்ட் அட்டவணை என்பது யாருக்கு அன்று சம்பளம் என்று சொல்லும் தாள். யார் கவுன்டரில் நிற்கிறார்கள் என்று அது சொல்லாது. அந்த ஆறு பேரை மதியம் வெளியே அனுப்பினால் மடிக்கும் வேலை காணாமல் போகாது, மாலைக் கூட்டத்தின் நடுவில் வந்து நிற்கும்.

என் கணக்குக்கும் எல்லை உண்டு. ஐந்து பேர் கொண்ட கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு ஒரு பணியாளர் போதும். தனித்தனியாக வந்த ஐந்து பேருக்குப் போதாது. தலை எண்ணும் சென்சாருக்கு இது தெரியாது. அதனால் 'ஒரு ஆளுக்கு இத்தனை வாடிக்கையாளர்' என்று ஒரு எல்லைக்கோட்டை எங்கிருந்தோ எடுத்துவந்து போட முடியாது. கடையில் நின்று பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

முதலாளிக்கு நான் எழுதி அனுப்பியது மூன்றே வரி. இரண்டு நாள், ஒரு சாதாரண நாளும் ஒரு சனிக்கிழமையும், வாசலில் ஒருவரை உட்கார வைத்து, பணியாளர் போய்வருவதை மட்டும் மணிவாரியாகக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். ரிப்போர்ட் போடுபவர்களிடம் 'வெளியே' பத்தியையும் சேர்த்து, கடைக்குள் இருப்போர் எண்ணிக்கையாகக் கேளுங்கள். அது வரும்வரை யாருடைய ஷிப்டையும் மாற்ற வேண்டாம்.

உங்களுக்கும் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், வண்ணக் கட்டங்களுக்குப் போகும் முன் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கடை மூடியிருந்த நேரத்தில் எத்தனை பேர் வந்ததாக எழுதியிருக்கிறது என்று அதில் பாருங்கள். அங்கே பூஜ்யம் இல்லையென்றால், மற்றக் கட்டங்களிலும் அதே ஆட்கள் இருக்கிறார்கள்.