வாய்வட்டியும் நோட்டு வட்டியும்: பன்னிரண்டால் பெருக்கும் கணக்கு எதுவரை செல்லும்?

தாராபுரம் வட்டாரத்தில் வெங்காயம் நடவும் மாடு பிடிக்கவும் தனியாரிடம் வாங்கப்படும் கடனுக்கு வட்டி பேசப்படுவது மாதக் கணக்கில்தான் என்றாலும், அக்கடனுக்காக எழுதி வாங்கப்படும் புரோநோட்டில், அதாவது கேட்கும்போது பணத்தைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடனுறுதிச் சீட்டில், பெரும்பாலும் ஆண்டு விகிதமே இடம்பெறுகிறது. ‘இரண்டு வட்டி’ என்று பேசினால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று பொருள். இரண்டும் ஒன்றா என்று பார்க்க மக்கள் கையாளும் முறை எளிது: மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கி, வரும் எண்ணை நோட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டு வட்டி 24 சதவீதம், ஒன்றரை வட்டி 18 சதவீதம் என்று எழுதப்படிக்கத் தெரியாதவரும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்.

இந்த முறையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. அசல் குறையாமல் நின்று, மாதம் முடிந்தபின் மாதாமாதம் வட்டி மட்டும் கட்டப்படும் கடனுக்கு இது பிழையற்ற விடையைத் தருகிறது. மாதம் 2 சதவீதத்தைக் கூட்டுவட்டியாக, அதாவது வட்டிக்கும் வட்டி சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 26.82 சதவீதம் வரும் என்று பாடநூல் வழி நின்று மறுப்போர் உண்டு. ஆனால் அந்த வேறுபாடு மூன்று சதவீதத்துக்கும் குறைவே. கடனாளியை உண்மையில் ஏமாற்றும் வேறுபாடு அதைவிடப் பலமடங்கு பெரியது, அது வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் வெளிப்படையான முரண்பாட்டைப் பார்க்கலாம். வாயால் இரண்டு வட்டி பேசிவிட்டு நோட்டில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எழுதப்பட்டிருந்தால், பெருக்கல் கணக்கு அந்த முரணை உடனே காட்டிவிடும். இவ்வாறு எழுதுவதற்குக் காரணம் கணக்கில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் தமிழ்நாடு வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டம் வட்டிக்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், அந்த வரம்பை மீறி வசூலிப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆகவே நோட்டிலுள்ள எண் நீதிமன்றம் பார்ப்பதற்காக எழுதப்பட்டது. வசூல் நடப்பது வாயால் பேசிய எண்ணின்படி. வட்டி விகிதத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வாங்குவது இதைவிட ஆபத்தானது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், குறைவுபட்ட முத்திரைச் சீட்டை நிரப்பும் உரிமையை அதை வைத்திருப்பவருக்கு முதல் நோக்கில் அளிக்கிறது. விகிதமே குறிப்பிடப்படாத நோட்டுக்கு, 1988இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஆண்டுக்கு 18 சதவீதம் என்று அச்சட்டமே கணக்கிட்டுக்கொள்கிறது.

எனினும் வாய்வட்டியும் நோட்டுவட்டியும் ஒத்துப்போகும் கடனிலேயே இந்த முறையின் பெரிய குறை வெளிப்படுகிறது. பெருக்கல் கணக்கு விகிதத்தை மட்டுமே மாதத்திலிருந்து ஆண்டுக்கு மாற்றுகிறது. அந்த விகிதம் எந்தத் தொகையின் மீது ஏறுகிறது என்று அது கேட்பதில்லை. எடுத்துக்காட்டாக, 50,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி, பத்து மாதத் தவணை என்று ஒரு கடன் பேசப்படுவதாகக் கொள்ளலாம். மாதம் 1,000 வீதம் பத்து மாத வட்டியான 10,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 40,000 ரூபாய் கையில் தரப்படுகிறது. நோட்டு 50,000 ரூபாய்க்கு எழுதப்படுகிறது. கடன் வாங்கியவர் மாதம் 5,000 வீதம் பத்து மாதம் கட்டுகிறார். பெருக்கல் கணக்குப்படி இது 24 சதவீதம். நோட்டிலும் 24 என்றே எழுதியிருந்தால் பொருந்திவிட்டதாகவே தோன்றும்.

இங்கே இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. கைக்கு வராத 10,000 ரூபாய்க்கும் வட்டி போடப்பட்டிருக்கிறது. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் பத்தாவது மாதத்துக்கும் முழு 50,000 ரூபாய்க்கான வட்டியே கணக்கிடப்பட்டிருக்கிறது. உண்மை விகிதத்தை அறிய நோட்டுத் தொகையை ஒதுக்கிவிட்டு, கைக்கு வந்த தொகை, கட்டிய தொகை, கட்டிய காலம் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 40,000 ரூபாய் பத்துத் தவணைகளில் சீராகக் குறைவதாகக் கொண்டால், முதல் மாதம் முழுத் தொகையும் கடைசி மாதம் அதில் பத்தில் ஒரு பங்கான 4,000 ரூபாயும் நிலுவையில் இருக்கும். இவ்விரண்டின் சராசரி 22,000 ரூபாய். பத்து மாதத்துக்குச் செலுத்திய வட்டி 10,000 என்பதால் மாதத்துக்கு 1,000. அதை 22,000ஆல் வகுத்தால் நூற்றுக்குச் சுமார் நாலரை ரூபாய் வருகிறது.

சராசரி கொண்டு போடும் இந்தக் கணக்கு சற்று மிகுத்தே காட்டும், ஏனெனில் தொடக்கத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகமாகவும் அசலின் பங்கு குறைவாகவும் இருப்பதால் நிலுவை அவ்வளவு சீராகக் குறைவதில்லை. துல்லியமாகப் பார்க்க ஒரு விகிதத்தை ஊகித்து மாதாமாதம் எழுதிப் பார்க்க வேண்டும். 4.28 சதவீதம் என்று எடுத்தால், முதல் மாத வட்டி 1,712. அதைச் சேர்த்து 5,000ஐக் கழித்தால் நிலுவை 36,712. அடுத்த மாத வட்டி 1,571, நிலுவை 33,283. இப்படியே பத்தாவது மாதம் வரை போனால் சில ரூபாய் வித்தியாசத்தில் கணக்கு முடிகிறது. கடைசியில் பாக்கி நின்றால் ஊகித்த விகிதம் அதிகம், முன்னதாகவே தீர்ந்துவிட்டால் குறைவு. ஆக, இரண்டு வட்டி என்று பேசப்பட்ட கடனின் உண்மை விகிதம் நாலேகால் வட்டிக்கும் சற்று மேல். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 51 சதவீதம். பெருக்கல் இந்த இடத்திலும் பயன்படத்தான் செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்; அதற்குள் செலுத்தப்படும் எண்தான் மாறுகிறது.

பெருக்கல் கணக்கின் கண்ணுக்குத் தப்பும் மற்றொரு வழி நோட்டை மாற்றி எழுதுவது. நோட்டின் பேரில் வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு இருப்பதால், அது முடியுமுன் பழைய நோட்டைக் கிழித்துப் புதியது எழுதி வாங்குகிறார்கள். 50,000 ரூபாய்க்கு 24 சதவீத வட்டி மூன்று ஆண்டு கட்டப்படாவிட்டால் பாக்கி 36,000. புது நோட்டு 86,000 ரூபாயை ரொக்கமாகப் பெற்றதாகவே சொல்லும். இன்னொரு மூன்று ஆண்டில் அது 1,47,920 ஆகிறது. தனிவட்டியிலேயே நின்றிருந்தால் ஆறு ஆண்டு முடிவில் 1,22,000தான். புது நோட்டில் விகிதம் மாறவில்லை, வாய்ப்பேச்சும் மாறவில்லை. மிகுதியான 25,920 ரூபாய் அசல் என்ற பெயருக்குள் புகுந்துவிடுகிறது. மேலே ஒதுக்கிவைத்த கூட்டுவட்டி மறுப்பு உண்மையில் எடைபெறுவது இங்கேதான்.

இவ்வாறு போட்ட கணக்கு நீதிமன்றத்தில் நிற்குமா என்பது வேறு கேள்வி. நோட்டுக்கு ஈடாகப் பணம் கைமாறியது என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அவ்வாறில்லை என்று காட்டும் பொறுப்பு கடன் வாங்கியவருடையது. கடனாளி அசலோடு அரசு நிர்ணயித்த அளவு வட்டியை நீதிமன்றத்தில் செலுத்திக் கடனைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிவைத்திருக்கிறது என்றாலும், அசல் 50,000 அல்ல, 40,000 என்று நிறுவச் சான்று வேண்டும். வங்கிக் கணக்கில் வந்து விழுந்த 40,000 ரூபாய்ப் பதிவும், தவணைதோறும் கட்டிய தொகைக்குத் தேதியிட்டு நோட்டின் பின்புறம் எழுதப்பட்ட வரவும் அத்தகைய சான்றுகள். ரொக்கமாக வாங்கி ரசீதில்லாமல் ரொக்கமாகவே கட்டியவரிடம் இவை இரண்டுமே இருப்பதில்லை.