ஆள் தேவை: ஒரு வேலை விளம்பரத்தை எப்படி ரசிப்பது?

வேலை விளம்பரம் எதைப் பார்த்தாலும், எந்த வரியில் யார் படிப்பதை நிறுத்திவிட்டுப் போவார் என்று யோசிப்பது என் வழக்கம். ஐந்தாறு பேர் மட்டுமே இருக்கும் புது நிறுவனத்துக்கு முந்நூறு விண்ணப்பங்கள் வந்து குவிந்தால், அதைப் படிப்பதற்கே ஒருவர் தன் வேலையைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். அதனால் ஆள் சலிக்கும் வேலையை விளம்பரமே செய்துவிட வேண்டும். அப்படிச் சலிக்கிற வரிகளை அடையாளம் கண்டுகொண்டால், இந்த எழுத்திலும் ஒரு சுவை தட்டுப்படும்.

பழகிப் பார்க்க நான் எடுத்துத் தருவது 1994 ஆகஸ்டில் இணையத்தில் வந்த ஒரு விளம்பரம். கொடுத்த நிறுவனத்தின் பெயர் கடாப்ரா. அதுதான் பின்னாளில் அமேசான் ஆனது. ஜெஃப் பெசோஸ் அப்போது சியாட்டிலுக்குப் பக்கத்தில் பெல்வியூவில், ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு நிரலாளர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

விளம்பரம் சில சின்னப் பத்திகள்தான். சி, சி பிளஸ் பிளஸ், யூனிக்ஸ் தெரிந்த மிகத் திறமையான நிரலாளர்கள் வேண்டும் என்று தொடங்குகிறது. பெரிய, சிக்கலான மென்பொருளை வடிவமைத்துக் கட்டிய அனுபவம் வேண்டும், அதுவும் பிறகு பராமரிக்கக் கூடியதாகக் கட்டியிருக்க வேண்டும் என்கிறது. அடுத்து வருவதுதான் அதன் உயிர்நாடி: கைதேர்ந்தவர்கள் சாத்தியம் என்று நினைக்கும் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் முடித்துத் தர வேண்டும்.

இந்த வரியைப் படிக்கும் இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆறு மாத வேலையை இரண்டு மாதத்தில் கேட்கிறார்களா, இது அடிமை வேலை என்று ஒருவர் நகர்ந்துவிடுவார். இன்னொருவருக்கு, எல்லோரும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது தனியாக உட்கார்ந்து முடித்துக்கொடுத்த ஏதோ ஒரு வேலை நினைவுக்கு வரும். ‘இது என்னைத்தான் கூப்பிடுகிறது’ என்று நிமிர்ந்து உட்காருவார். இருவருமே சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள். ‘வேகமாகப் பணியாற்றும் திறன் வேண்டும்’ என்று எழுதியிருந்தால் இருவருமே விண்ணப்பித்திருப்பார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்த வரி ஒன்று உண்டு. வெப் சர்வரும் எச்டிஎம்எல்லும் தெரிந்திருந்தால் உதவியாக இருக்கும், ஆனால் கட்டாயமில்லை. இணையத்தில் கடை போடப்போகிற நிறுவனம் இப்படிச் சொல்கிறது! எச்டிஎம்எல்லை ஒரு நல்ல நிரலாளர் சில நாளில் கற்றுக்கொள்வார். பெரிய மென்பொருளைக் குலையாமல் கட்டும் கைப்பக்குவத்துக்கு வருடங்கள் ஆகும். கற்றுத்தர முடியாததைக் கட்டாயமாக்கி, கற்றுக்கொள்ளக் கூடியதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கட்டாயம் என்று அடுக்கியிருந்தால், தேவையான ஆள் ‘எனக்கு வெப் தெரியாதே’ என்று ஒதுங்கியிருப்பார். பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி என்று சொல்வதும் இதே கணக்குதான்.

சோடையான இடங்களும் இருக்கின்றன. திறமையும் ஊக்கமும் உள்ள சகாக்கள் கிடைப்பார்கள் என்கிறது. எந்த நிறுவனமும் திறமையில்லாத சகாக்கள் கிடைப்பார்கள் என்று எழுதாது. திருப்பிப் போட்டால் யாருமே எழுதத் துணியாத வரி, யாரையும் சலிக்காது. அதே வரியில் சகாக்கள் தீவிரமானவர்கள் என்றும் ஒரு சொல் வருகிறது. அதற்கு மட்டும் வேலை இருக்கிறது. நிதானமான அலுவலகத்தை விரும்புகிறவர் அதைப் பார்த்துத் தயங்குவார்.

பெரிய குறை சம்பளத்தில். நிறுவனத்தில் குறிப்பிடத்தக்க பங்கு தருவோம் என்கிறார்கள், தொகை எதுவும் இல்லை. மாதாமாதம் வீட்டுக்கடன் கட்டுகிறவர் தனக்கு இது ஒத்துவருமா என்று நாலைந்து நேர்காணல் முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இரு பக்கமும் நேரம் வீண்.

அந்த மூன்றில் ஒரு பங்கு வரிக்கும் ஓர் எல்லை உண்டு. தன்னைப் பற்றி மிகையாக நினைக்கிறவரும் அதில் தன்னைக் காண்பார். அவரை நிறுத்தப் பெருமைக்குப் பதில் நடப்பைச் சொல்ல வேண்டும். இன்று ஒரு சிறு நிறுவனத்துக்காக எழுதினால் நான் இப்படி எழுதுவேன்: ‘நாங்கள் நான்கு பேர். மாதத்தில் ஒரு வாரம், ராத்திரி மூன்று மணிக்குச் சர்வர் விழுந்தாலும் எழுந்து பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். சோதித்துப் பார்க்கத் தனி ஆள் கிடையாது.’ இங்கே சூராதிசூரனும் தன் ராத்திரித் தூக்கத்தைக் கணக்குப் பார்ப்பான்.

விளம்பரத்தின் முடிவுப் பகுதிக்கு வாருங்கள். தன்விவரக் குறிப்போடு ஒரு கடிதமும் எழுதி ஜெஃப் பெசோஸுக்கு அனுப்பச் சொல்கிறது. மனிதவளத் துறை என்றோ மேலாளர் என்றோ இல்லை, ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. ஒரே குறிப்பை நூறு இடத்துக்கு அனுப்புகிறவர் அந்தக் கடிதத்தை எழுத உட்கார மாட்டார். எழுத உட்காருகிறவருக்கோ, தான் எழுதுவதைப் படிக்கப்போவது யார் என்று தெரியும்.